மாறியது இரண்டு ஸ்லைடு என்றார்கள்

யோகப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கொல்லங்கோட்டில் அவள் நடத்தும் டிடிபி கடைக்கு வந்து போகிறவர்களுக்கு அது தெரியும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் பாக்கி வேலையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நழுவிவிடுவார்கள்.

மலையாள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதியில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சர்க்கார் கடுதாசி வருவது மலையாளத்தில். சாமி கும்பிடுவதும் சண்டை போடுவதும் தமிழில். நடுவில் கிடக்கிற அந்த இடைவெளிதான் அவளுடைய பிழைப்பு. நோட்டீஸ், பத்திரம், விளம்பரம் எல்லாவற்றையும் மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து அச்சடித்துக் கொடுப்பாள். புருஷன் ஷார்ஜாவில் இருக்கிறான். கடையும் கோபமும் அவளுடைய பொறுப்பு.

அன்று காலை கோபிநாத் போன் செய்தான். எருத்தேன்பதியில் நார் மில்காரர்கள் சிலர், தேங்காய் மட்டையில் நாரை எடுத்தபின் மிஞ்சும் பித்து என்ற தூளைக் கழுவிக் கட்டியாக்கும் ஆலை போடப்போகிறார்கள். அவர்களுக்காக ஊரோடு பேசுகிறவன் அவன். பித்தில் இருக்கிற உப்புப் போகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் வரும். அது இறங்கிய கிணற்றில் மாடுகூட வாய் வைக்காது. அதனால்தான் ஊர் பயந்தது. பயத்தைத் தெளியவைக்கப் போன மாதம் ஒரு கூட்டம் போட்டுத் திரையில் விளக்கம் காட்டினார்கள். மலையாள ஸ்லைடுகளைத் தமிழாக்கியது யோகப்பிரியாதான். ஊர் பார்த்தது, அடுத்த கூட்டத்தில் சம்மதக் கையெழுத்துப் போடுகிறோம் என்றது.

"மலையாளத்துல புதுசு ஒண்ணு அனுப்பியிருக்கேன். ரெண்டே ஸ்லைடுதான் மாறியிருக்கு," என்றான் கோபிநாத். "முகப்புல தேதி, அப்புறம் வேலைவாய்ப்பு. அத மட்டும் தமிழ்ல மாத்திக் குடுங்க. மத்ததத் தொடவே வேண்டாம்."

கடைசி வாக்கியம்தான் அவளை உறுத்தியது. மாறாத ஒன்றைத் தொடாதே என்று யாராவது மெனக்கெட்டுச் சொல்வார்களா?

பழைய மலையாளத்தையும் புதியதையும் ஒப்பிடும் மென்பொருளில் போட்டாள். திரை முழுக்கச் சிவப்பு. எழுத்துரு மாறியிருந்தது, வண்ணம் மாறியிருந்தது. ஒரு ஸ்லைடை நடுவிலிருந்து கடைசிக்கு நகர்த்தியிருந்தார்கள். மென்பொருளோ ஒன்று போயிற்று, ஒன்று புதிதாக வந்தது என்று இரண்டாகக் கத்தியது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, சொல் மாறிய இடங்களை மட்டும் எடுத்து வைத்தாள்.

வேலைவாய்ப்பில் பெண்களுக்கு வேலை, கூட்டிப்போக ஒரு வேன் என்று சேர்த்திருந்தார்கள். பழையதில், கழுவிய தண்ணீர் ஆலைக்கு வெளியே போகாது என்று இருந்தது. புதியதில், சுத்திகரித்த தண்ணீர் பக்கத்துத் தோப்புகளுக்குப் பாசனமாக விடப்படும் என்று இருந்தது. படிக்க என்னமோ தானம் செய்கிற மாதிரி இருக்கிறது! வெளியே போகாத தண்ணீர் இப்போது வெளியே வருகிறது, அவ்வளவுதான். சுற்றிலும் உள்ள கிணறுகளில் மாதாமாதம் தண்ணீர் பரிசோதிப்போம் என்ற வரி காணவே காணோம்.

தமிழில் இவற்றைத் தொடக் கூடாதாம். பஞ்சாயத்துக்குப் போகிற மலையாளத்தில் புதிய பேச்சு. ஜனங்கள் பார்க்கிற தமிழில் பழைய பேச்சு. பழைய வாக்கை நம்பிப் புதியதற்குக் கையெழுத்துப் போடுவார்கள். அதுவும் அவள் தமிழை நம்பி. யோகப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மென்பொருள் ஸ்லைடுகளில் இருந்த எழுத்தை மட்டுமே பார்த்திருந்தது. படத்துக்குள் இருப்பதை அது படிக்காது. அதனால் படங்களை அருகருகே வைத்துத் தானே பார்த்தாள். பழைய வரைபடத்தில் கழிவுத் தொட்டி ஆலைக்குக் கிழக்கே இருந்தது. புதியதில் மேற்கு வேலியோரம். அந்த வேலிக்கு அப்பால் கிணறு என்று ஒரு சின்னக் கட்டம் முன்பு இருந்தது. இப்போது அந்தக் கட்டமே இல்லை. அது அவளுடைய அத்தை காளியாத்தாளின் கிணறு. இரண்டு ஏக்கர் தோப்புக்கும் ஆறு மாட்டுக்கும் அதை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

போனை எடுத்தாள். "ஏனுங்க சார், ரெண்டுன்னு சொன்னீங்க. தண்ணி, பரிசோதன, வரைபடம் எல்லாம் மாறியிருக்குதே. முழுசாத் தமிழ்ல மாத்தித் தர்றேனுங்க."

"அதெல்லாம் சின்ன திருத்தம். நான் சொன்னத மட்டும் பண்ணுங்க, போதும்."

"அப்படீன்னா வேற ஆளப் பாத்துக்குங்க," என்றாள், மிக மெதுவாக.

புதிய மலையாள ஸ்லைடுகளைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையிலேயே ஒட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்க மலையாளம் வேண்டும், அவ்வளவுதான். ஆகவே தமிழில் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியதில் 'ஏமாற்று', 'திருட்டுத்தனமாக' என்றெல்லாம் வந்துவிட்டது. படித்துப் பார்த்து அத்தனையும் அடித்தாள். ஒரு வசவு இருந்தால் போதும், கோபிநாத் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தாண்டிவிடுவான். சேர்த்தது இது, எடுத்தது இது, மாற்றிச் சொன்னது இது. பழைய வாசகம் இந்தப் பக்கம், புதிய வாசகம் அந்தப் பக்கம். தோற்றம் மட்டும் மாறியவை தனியாகக் கீழே. அவ்வளவுதான்.

காளியாத்தாள் கடைக்கே வந்து, அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டதும் கொதித்தாள். "ஏங்கண்ணு, மொதல்லயே பொம்பளைங்களுக்கு வேல, கூட்டிட்டுப் போக வேனுன்னு அவனுக்குச் சாதகமா எழுதி வெச்சிருக்கற? என்ற கெணத்தயே அழிச்சுப்போட்டான். அவனுக்கு நீயி வாழப்பழம் குடுக்கறயா?"

"சேத்திருக்கறான், அத்த. சேத்தத எழுதாம உட்டா நானும் அவனாட்டமே ஆயிருவேன்."

"நீ யாரு பக்கம்?"

அந்தக் கேள்வி யோகப்பிரியாவைச் சுட்டது. அந்த வரியை எழுதும்போது அவளுக்கே கை கூசியது. இருந்தாலும் எடுக்கவில்லை. அத்தை காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனாள்.

கூட்டத்தில் கோபிநாத் வேறு யாரையோ பிடித்து முகப்பும் வேலைவாய்ப்பும் மட்டும் மாற்றிய தமிழ் ஸ்லைடுகளைத்தான் காட்டினான். தண்ணீர் வெளியே போகாது என்று திரை சொன்னது. மேற்கு வேலிக்கு அப்பால் கிணறும் பத்திரமாக இருந்தது. காட்டி முடித்து, கையெழுத்துத் தாளைப் பரப்பி, பேனாவைத் திறந்தான். அப்போது வார்டு மெம்பர் அர்த்தநாரி, யோகப்பிரியா கொடுத்த பக்கத்தை விரித்தார்.

கோபிநாத் அவளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். "அவங்க அத்த தோப்பு பக்கத்துல இருக்கு. அதான் எங்களுக்கு எதிரா எழுதியிருக்காங்க. நாங்க சேத்த நல்லது ஒண்ணாவது அதுல இருக்கான்னு பாருங்க!"

"மொதல் வரியே அதானுங்க," என்றார் அர்த்தநாரி. வேலைவாய்ப்பைச் சத்தமாகப் படித்தார். சிலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தாமல் படித்தார். தண்ணீர் வரி வந்தபோது சிரிப்பு நின்றது. வரைபடம் வந்தபோது பலகையிலிருந்த மலையாளப் படத்தைப் போனில் எடுத்திருந்தவர்கள் அதைத் திரையோடு வைத்துப் பார்த்தார்கள். கூட்டம் ஒரே சத்தமாகிவிட்டது.

"அது டிராஃப்ட்..." என்று கோபிநாத் ஆரம்பித்தான்.

காளியாத்தாள் எழுந்து முன்னால் போனாள். பரப்பியிருந்த தாள்மேல் மருமகள் எழுதிய பக்கத்தை வைத்து, கோபிநாத்தின் பேனாவை எடுத்து அவனிடமே நீட்டினாள்.

"மாறுனது இத்தனையும்தான்னு மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க. நல்லதும் இதுல இருக்குதுல்லீங்க? பொறவு எங்களத கேளுங்க."

"மேல கேக்காம நான் எப்படிம்மா போடறது?"

"நாங்க மட்டும் கேக்காம போடோணுமாக்கும்," என்றாள் அவள். பேனாவை மூடி அவன் சட்டைப் பையில் செருகினாள். "கேட்டுட்டு வாங்க. வரும்போது என்ற கெணத்தையும் அந்தப் படத்துல கொண்டு வாங்க."

அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. திரும்பும்போது காளியாத்தாள் யோகப்பிரியாவின் பக்கத்தில் வந்து நடந்தாள்.

"அந்த மொத வரி," என்றாள். "அது இருக்கட்டும்."

யோகப்பிரியாவின் கோபம் இன்னும் ஆறவில்லை. நாளைக் காலை கடை திறந்ததும், அந்தப் பழைய தமிழ் ஸ்லைடுகளில் எங்காவது தன் கடைப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் எடுக்கச் சொல்லிக் கோபிநாத்திடம் எழுத்திலேயே கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.