பேசு, பேசாதே

என் மகள் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் பில் போடுகிறாள். அந்தக் கடைக்குக் குவாத்தமாலாவிலிருந்தும் காய் வருகிறது. அங்கேயுள்ளவர்கள் பேசுவது ஸ்பானிஷ். அவர்களோடு போனில் பேச ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னதும் இவள் நானே படிக்கிறேன் என்று கையைத் தூக்கிவிட்டாள்.

"மொத பரிச்சையில தேறினா அந்தப் போன் மேசை ஒனக்குன்னு சொல்லிப்புட்டாகம்மா. இல்லையின்னா கொச்சியிலருந்து ஆள் எடுப்பாகளாம்" என்றாள்.

அவளுக்கு நாற்பது ஆகிறது. பில் மேசையிலேயே பதினாறு வருஷம் ஓட்டிவிட்டாள்.

பரீட்சை கம்ப்யூட்டரில். கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். "ரொம்பச் சத்தம், இங்கே ____" என்கிற மாதிரி வாக்கியம் ஸ்பானிஷில் இருக்கும். செய்யச் சொல்கிறதா, செய்யாதே என்கிறதா என்று பார்த்துச் சொல்லைப் போட வேண்டும். பேசு என்றால் ஆப்லா. பேசாதே என்றால் முன்னால் ஒரு நோ வந்து, சொல்லின் வாலும் மாறும்: நோ ஆப்லெஸ். சாப்பிடு கோமெ, சாப்பிடாதே நோ கோமாஸ்.

"இதுல மருவாதியா சொல்றது கிடையாதாடி?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. அது அடுத்த பாடம்."

அவள் துண்டுச் சீட்டுகளில் விடையைத் தமிழ் எழுத்தில் எழுதி என் கையில் கொடுத்தாள். அவள் நோட்டில் உள்ள கேள்வியை வரிசையாகப் பார்த்து விடை சொல்வாள். நான் சீட்டைப் பார்த்துச் சரி, தப்பு சொல்ல வேண்டும்.

"முழுசா வாசிச்சுருவியாம்மா?"

"என்னயவா கேக்குற? பேப்பர்ல தலப்பெல்லாம் வாசிக்கிறவடி நான்."

உண்மைதான், வாசிப்பேன். ஆனால் ஒரு சொல்லை முடிக்க எனக்கு நேரம் பிடிக்கும். அதை அவளிடம் சொல்ல மனசு வரவில்லை. முப்பது வருஷம் ஏலக்காய் பொறுக்கியிருக்கிறேன். முறத்தில் பரப்பினால் ஒரு பார்வையில் நிறமும் பருமனும் தெரிந்துவிடும். ஒவ்வொரு காயையும் எடுத்துப் பார்த்தால் பொழுது போய்விடும். சீட்டையும் அப்படித்தான் பார்த்தேன். முதல் இரண்டு எழுத்து ஒத்து வந்தால் "சரி". நோ இருக்கிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டேன். ஆறு நாள் இப்படி நடந்தது. நீ ரொம்ப வெரசா பாக்குறம்மா என்று அவள் மெச்சினாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

ஆறாம் நாள் வந்தது; மறுநாள் காலை பரீட்சை. அன்று மத்தியானம் சீட்டெல்லாம் முடிந்ததும் இன்னொரு தடவை என்றாள். பேசாதே சீட்டு வந்தது. "நோ ஆப்லெஸ்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு நின்றுபோனேன். சற்று முன்னால் இதே சீட்டுக்கு அவள் "நோ ஆப்லா" என்றாள். அதற்கும் நான் சரி என்றேன்.

சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துக் கடைசி எழுத்து வரை கூட்டினேன். ஆப்லெஸ். வால்தானே மாறுகிறது! நான் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை தப்பை அவள் வாயில் சரி என்று ஊட்டினேனோ.

அவள் முகத்தைப் பார்த்தேன். தேறின மாதிரியே உட்கார்ந்திருந்தாள். சொன்னால் இருக்கிற தைரியமும் போகும்; சொல்லாவிட்டால் நாளைக்குக் கம்ப்யூட்டர் சொல்லும். காப்பி போட்டேன். டம்ளரைக் கழுவினேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

"ஆத்தா, நான் சீட்ட முழுசா வாசிக்கலடி."

"என்னைக்கு?"

"ஒரு நாளும்."

அவள் நோட்டை மூடிவிட்டாள்.

"வாசிக்க நேரமாகும்னு சொன்னா ஒன் தல கீழயா விழுந்துரும்? ஆறு நாளும்மா! நான் ஒன்னய நம்பிப் படிச்சேன்."

"நல்லா வையி, எனக்கு வேணும். வஞ்சுகிட்டே நோட்ட எடு, பொழுது போகுது."

மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, வாய்விட்டு வாசித்தேன். நான் முடிக்கிறவரை அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கதவைத் திறக்காதே என்பதற்கு "நோ ஆப்ரெ" என்றாள்.

"தப்பு. ஆ... ப்... ரா... ஸ். நோ ஆப்ராஸ்."

இருபது நோ சீட்டில் பதின்மூன்று தப்பு. விளக்கு வைக்கும் நேரத்தில் ஐந்தாகக் குறைந்தது. சாப்பாட்டை அவளே போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போன் வந்தது. "தேறிட்டேன். ரெண்டு போச்சு. ரெண்டுமே நோதான்." அத்தோடு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் என்னோடு காய் பொறுக்கிய பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "தெனம் சீட்டும் கையுமா இருந்தியே, நீதான் சொல்லிக் குடுத்தியாக்கும்?" என்றாள். மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது எனக்குத் தெரிந்தது.

"இல்லக்கா. நான் கெடுத்தேன். முழுசா வாசிக்காமயே சரி சரின்னேன். அவ தப்பிச்சு வந்தது அவ கெட்டிக்காரத்தனம்" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். உள்ளே துணியை உதறி மடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.