பதினாலாவது கையெழுத்து

அந்த நோட்டீஸை டைப் அடித்தது நான்தான். தப்பும் என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழியை என் கணவர் மேல் போட எனக்கு இஷ்டமில்லை. அவர் தலையில் போட வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் பம்பாயில், செம்பூரில் ஒரு காலனியில் இருந்தோம். நாற்பத்திரண்டு வீடுகள். குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு என் கணவர் செயலாளர். அவர் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. கல்யாணத்துக்கு முன் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள் என்பதால் சங்கத்துக் காகிதமெல்லாம் என் தலையில் விடிந்தது. ஆனால் நான் மெம்பர் இல்லை. வீட்டுக்கு ஒரு மெம்பர், அது வீட்டுக்காரர். எனக்குக் காப்பி போடும் உரிமை மட்டும் உண்டு.

அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் ஐந்தாவது விஷயம் என்னுடையது. காலனி ஹாலில் காலை வேளையில் சின்னக் குழந்தைகளுக்கு வகுப்பு நடத்திவந்தேன். ஐந்து வருஷம் அடுப்படியே கதி என்று கிடந்தவளுக்கு அந்த வகுப்புதான் மூச்சுவிட இடம் கொடுத்தது. ஹாலை யாருக்காவது தொடர்ந்து விடுவதானால் பொதுக்கூட்டம்தான் ஒப்புதல் தர வேண்டும், கமிட்டியால் முடியாது என்பது சங்கத்தின் விதி. எனக்குக் கொடுத்திருந்த ஒரு வருஷம் ஜூலை மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் ஆகஸ்ட் முதல் தேதி சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சாவிக்காகக் காத்திருந்தவர் ஹாலுக்கு எதிர்வீட்டு மாமா. ரயில்வேயில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். குழந்தைகள் வாய்ப்பாடு சொன்னால் அவருக்குத் தலைவலி வரும். ஹாலை வாசகசாலை ஆக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சங்கத்தின் விதிகளை வரி வரியாக எழுதியவரும் அவரே.

விதிப்படி பதினாலு முழு நாள் முன்னால் நோட்டீஸ் போக வேண்டும். கொடுக்கும் நாளும் கூட்ட நாளும் கணக்கில் சேராது. அதையெல்லாம் விரல்விட்டு எண்ணி, ஜூலைக் கடைசி ஞாயிறு சாயங்காலம் நாலு மணி என்று சரியாகத்தான் போட்டோம். போன வருஷ நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்தல், ஆண்டறிக்கை, வரவுசெலவு, கமிட்டித் தேர்தல், ஹால் என்று நிகழ்ச்சிநிரலும் சரி. ஸ்டென்சிலில் இடம் தீர்ந்துபோனதால் வழக்கமாக அடியில் வரும் ஒரு வரியை விட்டுவிட்டேன். 'அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, அன்றே அரை மணி கழித்து அதே இடத்தில் நடக்கும்; அதற்குக் கோரம் தேவையில்லை' என்ற வரி. கோரம் என்றால் கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்சத் தலைக்கணக்கு. ஒரு சடங்கு வாக்கியம் என்று நினைத்தேன். அது இருந்தால்தான் அன்றைக்கே மறுபடி கூட முடியும், இல்லாவிட்டால் மறுபடி பதினாலு நாள் நோட்டீஸ் என்பது எனக்கு உறைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட செயலாளருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடுங்காவில் ஒரு காலனிக்காரர் வீட்டுக் கல்யாணம். பாதிப் பேர் அங்கே சாப்பிடப் போயிருந்தார்கள். மத்தியானம் பிடித்த மழை விடவேயில்லை. வழியில் சயானில் முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை என்று வாட்ச்மேன் வந்து சொன்னான்.

மெம்பர்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பதினாலு பேர் இருந்தால்தான் கோரம். நாலேகாலுக்குப் பதிமூன்று தலைகள். நான் பக்கத்து அறையில் காப்பி டம்ளர்களை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மறுபடி மறுபடி எண்ணினேன். எப்படி எண்ணினாலும் பதிமூன்றுதான்.

என் கணவர் உள்ளே ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நோட்டீஸ்ல அந்த வரி இல்லையேடி! ஒத்திவெச்சா இன்னிக்கே நடத்த முடியாது. ஆகஸ்ட் பாதி ஆயிடும்."

நான் திரும்பின வேகத்தில் ஒரு டம்ளர் கவிழ்ந்து காப்பி தரையில் சிந்தியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. என் கையாலேயே என் வகுப்புக்குக் குழி தோண்டிவிட்டேனே என்று அழுகை வந்தது.

மாமா எதிர்த் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, திறந்திருந்த ஹால் கதவையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தும் வராமல் இருக்கிறார் என்றால் ஏன் என்று எனக்குப் புரியாதா? கோபம் கோபமாக வந்தது.

நாலு இருபத்தைந்துக்குத் தலைவர் கொட்டாவி விட்டார். நல்ல மனுஷர், விதி என்றால் தூக்கம் வரும். உரக்கச் சொன்னார்:

"பதிமூணோ பதினாலோ, ஒருத்தர் குறைஞ்சா என்ன? யார் கேக்கப் போறா? ஆரம்பிச்சுடலாம்."

எதிர்த் தாழ்வாரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. மாமா குடைகூட எடுக்காமல் மழையில் நனைந்துகொண்டு ஹாலுக்குள் வந்தார்.

"பாயின்ட் ஆஃப் ஆர்டர்! கோரம் இல்லாம கூட்டம் ஆரம்பிக்கறதாவது? இது என்ன சத்திரமா?"

தலைவர் நிதானமாக வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"ஓய், கையெழுத்துப் போடாதவா பேசப்படாதுன்னு நீர்தானே எழுதினீர்? போட்டுட்டு ஆட்சேபணையைச் சொல்லும்."

மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து, ஆங்கிலத்தில் முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து, "ஹாஜர் பதிமூணே பேர்," என்றார்.

என் கணவர் எழுந்தார். குரல் பாதி சிரிப்பு, பாதி பயம்.

"இப்போ பதினாலு, சார்."

மாமா பதிவேட்டைக் குனிந்து பார்த்தார். தன் பெயருக்கு முன்னால் இருந்த எண்ணைப் பார்த்தார். தலைவருக்கு என் ஞாபகத்தில் அன்றைக்கு மட்டும்தான் தூக்கம் கலைந்தது.

"கோரம் சேர்ந்துடுத்து. கூட்டம் ஆரம்பம்," என்று மேஜையைத் தட்டினார்.

இனி அவர் எழுந்து போனாலும் பிரயோஜனமில்லை. ஆரம்பத்தில் கோரம் இருந்தால் போதும், நடுவில் யார் போனாலும் கூட்டம் செல்லும் என்பதும் அவர் எழுதிய விதியே. காப்பி குடித்துவிட்டு நழுவுகிறவர்களுக்காக எழுதியது. மாமா போகவில்லை. நனைந்த வேஷ்டியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

ஐந்தாவது விஷயம் வந்தபோது நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். தலைவர், "உம்ம வாசகசாலையையும் இப்பவே பேசிடலாமே," என்றார். எனக்குத் திக்கென்றது. இந்த மனுஷருக்கு எதற்கு இந்த உபசாரம்?

"பேசப்படாது," என்றார் மாமா. "அஜெண்டாவிலே இல்லே."

கை தூக்கினார்கள். ஆதரவு பன்னிரண்டு. எதிர்ப்பு ஒன்று. தலைவர் ஓட்டுப் போடவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், சிந்தின காப்பியின் மேலேயே. புடவை வீணாய்ப்போனது. போகட்டும் என்றிருந்தது. அத்தனை நிம்மதி.

கூட்டம் முடிந்து மாமாவுக்கு நானே காப்பி கொண்டுபோனேன்.

"நோட்டீஸ்ல கடைசி வரி விட்டுப்போயிருக்கு," என்றார்.

"எப்போ பாத்தேள் மாமா?"

"கைக்கு வந்த அன்னிக்கே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா திருத்தியிருப்பேளே!" என்று காப்பியை ஒரு வாய் குடித்தார். "ஆனா கோரம் இல்லாம நடத்தப் பாத்தாரே, அதை எப்படிப் பொறுத்துக்கறது?"

பேசாமல் இருந்திருந்தால், கோரமில்லாத கூட்டம் செல்லாது என்று மறுநாள் ஒரு கடிதம் எழுதியே என் வகுப்பை மூடியிருக்கலாம். அவருக்கு அது தெரியும். தன் கண்ணெதிரே ஒரு விதி மீறப்படுவதைத்தான் அவரால் ஒரு நிமிஷம்கூடப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

மறுநாள் காலை ஹாலைத் திறந்தேன். குழந்தைகள் இரண்டாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்து இரண்டு வரி ஆவதற்குள் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"கதவைச் சாத்திண்டு சொல்லச் சொல்லுங்கோ!"

சிரித்துக்கொண்டே போய்ச் சாத்தினேன். அடுத்த வருஷ நோட்டீஸை ஸ்டென்சிலில் ஏற்றுவதற்கு முன்னால் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன்.