ஐந்து கட்டங்களில் என் நீச்சல்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்னைப் பார்த்து ஒருவர் காகிதத்தில் எழுதியது எனக்குத் தெரிந்து அந்த நீச்சல் பரீட்சையில்தான்.

உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். கடற்கரையோரத்து நீச்சல் குளத்துக்கு, மூழ்குகிறவர்களைத் தூக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. என் மைத்துனன் கட்டுமரத்தோடு போய்த் திரும்பாமல் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதிலிருந்து நான் கடலுக்குப் போகும் விடியலில் எல்லாம் என் மனைவி மணலில் நின்று, என் கட்டுமரம் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த வேலை கிடைத்தால் நான் கடலுக்குப் போகவேண்டாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் கட்டுமரம்தான்.

"கடல்லயே பொறந்தவனுக்குப் பரீட்சையா? மீனுக்கு நீச்சப் பாடம் சொல்றா மாதிரி கீது நைனா!" என்று வாசல் காவல்காரர் சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பரீட்சை வைத்தவர் மயிலாப்பூர்க்காரர். நீச்சல் கற்றுக்கொடுப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தச் சொன்னார். நான் நீந்தினேன். அவர் கரையில் என்னோடு கூடவே நடந்தார். ஒருவர் இத்தனை நெருக்கமாகப் பார்ப்பதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கரையேறியதும் காகிதத்தைக் காட்டினார். ஐந்து கட்டங்கள்: தண்ணீரில் உடம்பு கிடக்கும் விதம், காலுதைப்பு, கைவீச்சு, மூச்சு, எல்லாம் சேர்ந்து போகும் இசைவு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நாலு வரை.

"சுத்தமா வரலைன்னா ஒண்ணு. வந்து வந்து போனா ரெண்டு. பெரும்பாலும் சரியா இருந்தா மூணு. களைச்சப்புறமும் கெடாம இருந்தா நாலு. இந்த வேலைக்கு எல்லாத்துலயும் குறைஞ்சது மூணு வேணும்."

கைவீச்சுக்கு மூன்று. காலுக்கும் இசைவுக்கும் இரண்டு. உடம்புக்கும் மூச்சுக்கும் ஒன்று. நான் தலை குனிந்தேன்.

"தோத்துட்டதா நினைக்காதீங்கோ. எங்கே குறைன்னு தெரிஞ்சாச்சு. கால் ரொம்பக் கீழே இறங்கறது. மொதல்ல அதைப் பார்க்கலாம். அடுத்த பரீட்சைக்கு ஒரு மாசம் டயம் இருக்கு."

ஒரு மரப்பலகையைக் கொடுத்தார். இரண்டு கையாலும் அதை முன்னால் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து உதைக்கவேண்டும். பதினைந்து நாள் உதைத்தேன். தொடை இறுகியது. ஆனால் பலகையை விட்டு நீந்தினால் கால் பழையபடி கீழேயே போயிற்று.

பதினாறாம் நாள் அவர் கரையில் குந்தி, தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தார். பிறகு, "சுவரை உதைச்சு அம்பு மாதிரி சும்மா மிதங்கோ. முகம் தண்ணிக்குள்ள இருக்கட்டும்" என்றார். மிதந்தேன். குதிகால் காற்றில் பட்டது. "இப்போ அலையைப் பார்க்கறாப்பல தலையைத் தூக்குங்கோ." தூக்கினேன். யாரோ கீழேயிருந்து இழுத்ததுபோலக் கால்கள் அமிழ்ந்தன.

"தப்பு என்மேல. பலகையைப் பிடிச்சுண்டா தலை இன்னும் நிமிரும். நோய் ஒரு பக்கம், நான் மருந்து போட்டது இன்னொரு பக்கம். குறை கால்ல இல்லை, தலையில!"

கடலில் நாங்கள், எதிரே வரும் அலையைப் பார்த்தபடியேதான் நீந்துவோம். தலை தாழ்ந்தால் அலை அடித்துவிடும். நாற்பது வருஷம் என்னைக் காப்பாற்றிய பழக்கம், அலையில்லாத தண்ணீரில் என் காலைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறது. அதைக் கரையில் நின்ற ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்!

"ஆளைத் தூக்கப் போறச்சே தலையைத் தூக்கித்தான் ஆகணும். அது வேற. இங்கே வேண்டாம்" என்று பலகையை வாங்கி வைத்துவிட்டார்.

அதன்பின் வேறு பயிற்சிகள். உடம்புக்கு, சுவரை உதைத்து முகம் கவிழ்த்து மிதப்பது. மூச்சுக்கு, ஒரு கையால் சுவரைப் பிடித்து, தண்ணீருக்குள் ஊதிவிட்டுத் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி இழுப்பது. இசைவுக்கு, முன்னால் நீட்டிய கை, மற்றது வந்து தொடும்வரை காத்திருப்பது. ஒருநாள் நீந்தும்போதே குளத்தின் அடித்தளம் கண்ணுக்குக் கீழே நகர்ந்துகொண்டே போனது. தண்ணீரிலேயே வளர்ந்த நான், நீந்தியபடி கீழே பார்த்தது அன்றுதான்.

இரண்டாம் பரீட்சையில் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எட்டு நீளம் நிற்காமல் நீந்தச் சொன்னார். ஏழாவதில் தோள் கனத்தது. கடைசி நீளத்தில் களைப்பு மிஞ்ச, தலை தானாக எழுந்தது. அழுத்தினேன். இன்னொரு தடவையும் எழுந்தது. மறுபடி அழுத்திச் சுவரைத் தொட்டேன்.

காகிதத்தை நீட்டினார். ஐந்து கட்டத்திலும் மூன்று. பலகையை விட்டபின் தனியாகப் பயிற்சியே செய்யாத காலுக்கும்கூட.

"நாலு போடலை, கோவிச்சுக்காதீங்கோ. கடைசியில ரெண்டு தடவை தலை எழுந்துடுத்து. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்கோ, வந்தப்புறம் அதையும் சரிபண்ணிடலாம்."

இரண்டே தடவைதான். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

குப்பத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். மீன்கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, "இன்னாச்சு?" என்றாள். காகிதத்தைக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அவள், ஒரே மாதிரி இருந்த ஐந்து இலக்கத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுபோலத்தானே கீது, அப்போ நல்லதுதான்" என்று கூடையை இறக்கிவைத்தாள்.