ஏபிஐ கேட்டு ஒரு மின்னஞ்சல்

கொடைக்கானலில் நான் வேலை பார்த்த பங்குத் தரகு நிறுவனத்தின் கிளையை நடத்தியவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பங்கு விலை நான் குறித்த அளவைத் தொட்டால் தானாகவே வாங்கி விற்கும் ஒரு புரோகிராமை வீட்டுக் கணினியில் எழுதியிருந்தேன். அதை நிறுவனத்தின் சர்வரோடு இணைக்கும் ஏபிஐ வசதியும், சோதித்துப் பார்க்க ஒரு டெஸ்ட் கணக்கும் கேட்டு, மும்பைத் தலைமையகத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன்.

மறுநாள் கிளைக்குள் நுழைந்ததும் அண்ணன் என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

“ஏலே, என்னத்தலே எழுதித் தொலைச்ச? இங்க அனுமதியில்லாம புரோகிராம் ஓடுதுன்னு மும்பைக்காரனுங்க சந்தேகப்பட்டு, ஆர்டர் போடுற என் டெர்மினலயே நிறுத்திட்டானுங்க!”

“ஓட்டலண்ணே, ஓட்டலாமான்னுதான் கேட்டேன்...”

கீபோர்டால் வாயில் அறைந்தார். பல் உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். நானும் நாற்காலியைத் தூக்கி அவர் தோளில் அடித்தேன். அவர் சுருண்டு விழுந்த பிறகும் அடித்தேன். பக்கத்து ஊரான பள்ளங்கியிலிருந்து பங்கு விற்க வந்திருந்த பூண்டு விவசாயிதான் என்னை இழுத்துப் பிடித்தார்.

“விடுப்பா, செத்துக்கித்துப் போயிறப்போறாரு!”

சாயங்காலம் மும்பையிலிருந்து பதில் வந்தது. பங்குச் சந்தையின் ஒப்புதல் இல்லாமல் தனிநபருக்கு ஏபிஐ தர முடியாதாம். விசாரித்து முடித்து டெர்மினலைத் திறந்துவிட்டார்களாம். வீங்கிய உதட்டோடு அண்ணனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் போனை வைத்துவிட்டார்.