ஏழாம் தேதி பில், பத்தாம் தேதி சம்பளம்

எங்கள் வீட்டில் கடன் வாங்குகிறவள் என் மனைவிதான். நான் வாங்குவதில்லை. இதைக் கம்பெனியிலும் கோயிலிலும் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் பாகலூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்க்கிறாள். தெருப் பெண்களோடு சேர்ந்து குழுக் கடன் எடுப்பாள். வியாழக்கிழமை தவறாமல் தவணை கட்டுவாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. வீட்டுக்குக் கூரை ஷீட் மாற்றியது அப்படித்தான், மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஃபீஸ் கட்டியதும் அப்படித்தான். அவள் ஒவ்வொரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போதும் நான் முருகன் படத்துக்கு முன்னால் நின்று, "இந்த வீட்டைக் கடன் அண்டாம பாத்துக்கோ சாமி" என்று அவள் காதில் விழும்படி வேண்டிக்கொள்வேன். மகள் நர்சிங் சேரும்போது மட்டும் பேங்கில் கல்விக் கடன் எடுப்பது என்று முடிவு செய்திருந்தோம். படிப்புக்கு வாங்குவது கடனில் சேராது என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

ஒரு கிருத்திகை அன்று, விரதம் இருந்து பால் மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, போனில் பணம் அனுப்புகிற ஆப்பில் ஒரு செய்தி வந்தது. வாழ்த்துகள், உங்களுக்கு இருபதாயிரம் ரூபாய் போஸ்ட்பெய்டு லிமிட் தயாராக இருக்கிறதாம். அதில் கடன் என்ற சொல்லே இல்லை. இவ்வளவு நாள் ஒழுங்காக இருந்ததற்குக் கிடைத்த பலன் என்று நினைத்தேன். பான் நம்பர் போட்டேன். ஆதாருக்கு வந்த ஓடிபியைப் போட்டேன். கீழே பொடி எழுத்தில் ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தது. கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கேட்டார்கள். டிக் அடித்தேன். சாயங்காலம் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன்.

கேன்டீனில் சொன்னபோதுதான் தெரிந்தது, எங்கள் லைனில் பாதிப் பேருக்கு இந்த அருள் கிடைத்திருக்கிறது.

"ஏன் குரு, உனக்கு எவ்ளோ லிமிட்டு?" என்றார் அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடக்காரர். எல்லோரையும் அவர் குரு என்றுதான் கூப்பிடுவார்.

"இருபது."

"அவ்ளோதானா? எனக்கு நாப்பது குடுத்திருக்கான்." சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார், பதவி உயர்வு வாங்கியவர் மாதிரி.

அதன்பின் கடையில் ஸ்கேன் செய்தால் போஸ்ட்பெய்டுதான் முதலில் வந்து நிற்கும். ரகசிய எண்கூடக் கேட்காது. டீ, பெட்ரோல், மருந்து, மளிகை எல்லாம் அதில் போயின. பேங்க் கணக்கில் பணம் குறையவே இல்லை என்ற தைரியத்தில் ஏடிஎம்மில் எடுத்தும் தாராளமாகச் செலவழித்தேன். கிருத்திகைதோறும் கோயில் அன்னதானத்துக்கு ஐந்நூறு கொடுப்பது என் வழக்கம். அதையும் ஸ்கேன் செய்தேன்.

ஒன்றாம் தேதி பில் வந்தது. ஏழாம் தேதிக்குள் முழுசாகக் கட்டினால் வட்டி இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் காண்ட்ராக்ட் ஆள். எங்களுக்குச் சம்பளம் பத்தாம் தேதி. மூன்று நாள்தானே, ஃபைனான்ஸ்காரன் பொறுக்க மாட்டானா என்று விட்டேன். அவன் பொறுக்கவில்லை. ஏழாம் தேதி கணக்கில் கை வைத்தான், பணம் இல்லை. ஆப்பில் தாமதக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி. பணம் எடுக்க வந்து வெறுங்கையோடு திரும்பியதற்காகப் பேங்க் தனியாக ஒரு அபராதம் போட்டது. பத்தாம் தேதி எல்லாவற்றையும் கட்டினேன். கட்டிய மறு நிமிடம் லிமிட் மறுபடி இருபதாயிரம் என்று காட்டியது. சம்பளம் போன வருத்தம்கூடத் தெரியவில்லை. அந்த மாதச் செலவுக்கும் அதிலேயே கை வைத்தேன். வேறு வழியும் இல்லை, சம்பளம்தான் போய்விட்டதே.

ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அதற்காக இன்னொரு ஆப்பில் இன்னொரு லிமிட் எடுத்தேன். அந்தப் பணத்தைக் கணக்குக்கு மாற்ற முடியாது. கடையில் ஸ்கேன்தான் செய்ய முடியும். கன்னடக்காரர் ஒரு மொபைல் கடையைக் காட்டினார். அங்கே பொருள் வாங்குகிற மாதிரி ஸ்கேன் செய்தால், கடைக்காரர் நூற்றுக்கு மூன்று பிடித்துக்கொண்டு மீதியை என் கணக்குக்கு அனுப்புவார். அதை வைத்து முதல் ஆப்பைக் கட்டுவேன். இரண்டாவதின் பில் மாதாமாதம் தள்ளிப்போய்ப் பெருத்தபோது, தவணையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அதுவே கனிவோடு சொன்னது. மாற்றினேன். அது தனிக் கணக்கு, அதற்கு வட்டி உண்டு. அப்போதும் யாராவது கேட்டால், "எனக்குக் கடன் கிடையாதுங்க" என்றுதான் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை.

மகளுக்குக் கிருஷ்ணகிரியில் நர்சிங் சீட் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் முதல் வருட ஃபீஸ் கட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். மூன்று பேரும் பேங்குக்குப் போனோம். மேனேஜர் சின்ன வயசுப் பெண். என் பான் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், உங்க பேர்ல மூணு லோன் ஓடுதே?"

"எனக்குக் கடனே கிடையாதுங்க மேடம்."

"இது என்ன அப்ப?"

"அது லோன் இல்லீங்க. லிமிட்டு."

அவர் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். நான் கேள்வியே படாத ஃபைனான்ஸ் கம்பெனிகளின் பெயர்கள். மாதாமாதம் கட்டங்கள், பாதிக்குமேல் தாமதம். "மூணு நாள்தானேன்னு நெனச்சிருப்பீங்க. எல்லாம் ரிப்போர்ட்ல வந்துருது சார். உங்களை வெச்சு இதை நான் மேல அனுப்ப முடியாது."

மகள் என்னைப் பார்க்கவில்லை. ஃபைல் கயிற்றைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வேலைக்குப் போறாங்களா?" என்றார் மேனேஜர். என் மனைவி கார்மெண்ட்ஸ் சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினாள். அவள் நம்பரைத் தட்டியதும் மேனேஜர் முகம் மலர்ந்தது. "எத்தனை குழுக் கடன்! ஒரு தவணைகூடத் தவறலையே. இவங்களையே சேந்து கையெழுத்துப் போட வெச்சிரலாம்."

ஆயுசு பூராவும் கடன் வாங்கியவளுக்கு நற்சான்று. வாங்கவே வாங்காதவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பஸ்ஸில் அவள் என் போனை வாங்கி முதலிலிருந்து எல்லா பில்லையும் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அன்னதானத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, கோயிலுக்குக் குடுத்ததும் இதுலதானா?"

"ம்."

"அப்ப சோறு போட்டது நீங்க இல்ல. அந்த ஃபைனான்ஸ்காரன். புண்ணியம் அவன் கணக்குக்குப் போயிருச்சு. லேட்டுக்கு ஃபைன் மட்டும் உங்களுக்கு."

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பேங்க் பணம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து சீட் உறுதியான பிறகு, அவள் குழுவில் இன்னொரு கடன் எடுத்தாள், என் லிமிட்டுகளை அடைக்க. அதிலும் வட்டி இல்லாமல் இல்லை. ஆனால் வாரம் எவ்வளவு, எந்த வாரம் முடியும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். கட்டிய மறு நிமிடம் மறுபடி எடுத்துக்கொள் என்று நீட்டுவதில்லை. பாக்கி முழுவதையும் கட்டி, தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்து, கணக்கை மூடச் சொல்லிப் பாக்கியில்லைச் சான்றும் கேட்டு வாங்கினேன். திறக்க இரண்டு நிமிடம் ஆனது. மூட இரண்டு வாரம் அலைந்தேன்.

மகள் இப்போது கிருஷ்ணகிரி பஸ்ஸில் போய்வருகிறாள். மனைவிக்கு வியாழக்கிழமை ஷிஃப்ட் மாறிவிட்டதால் தவணைப் பணத்தை நான்தான் கொண்டுபோகிறேன். முதல் வாரம் வாசலிலேயே தயங்கி நின்றேன்.

"உள்ள வாங்கண்ணா," என்றாள் குழுத் தலைவி. "அக்கா எல்லாம் சொல்லிட்டா."

"எல்லாமா?"

"தேங்கா ஒடச்சது வரைக்கும்."

தெலுங்குக்காரப் பாட்டி ஒருத்தி நகர்ந்து பாயில் இடம் விட்டாள். கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து உறுதிமொழி சொல்ல வேண்டுமாம். ஒழுங்காகக் கட்டுவோம், கட்ட முடியாதவருக்குத் துணை நிற்போம் என்று பெண்கள் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். எனக்கு வரிகள் தெரியாது. கை நீட்டி, ஒரு சொல் பிந்தி, கூடவே சொன்னேன்.