நூற்றொன்று வடக்கு

என் பொறுமை எவ்வளவு குட்டையானது என்று எனக்கே காட்டிக்கொடுத்தவள் என் அண்ணன் மகள். எண்பதுகளின் நடுவில் நான் மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அவள் கோலா சிலாங்கூர் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம். ஒரு நாள் மத்தியானம் பையை வீசிவிட்டு, "நான் இனிமே ஸ்கூலுக்குப் போகல அத்தை" என்றாள்.

புவியியல் ஆசிரியர் அவளை எழுப்பி, நம் ஊர் எந்தப் பாகையில் இருக்கிறது என்று கேட்டாராம். "நூற்றொன்று வடக்கு, மூன்று கிழக்கு" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். நாளைக்கு மறுபடியும் கேட்பாராம்.

"நாளைக்கும் சிரிச்சாங்கன்னா அம்மாகூடப் பாலெடுக்க மரம் வெட்டப் போயிடுவேன்."

பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த அண்ணி, "அவ இஷ்டம்லா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன இஷ்டம்?

பள்ளியிலிருந்து உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதன் இடுப்பில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, இதுதான் பூமத்திய ரேகை, பூஜ்யம் என்றேன். இதற்கு இணையாக மேலும் கீழும் போகும் கோடுகள் அட்சரேகை. வடக்கே தொண்ணூறு, தெற்கே தொண்ணூறு. துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடும் கோடுகள் தீர்க்கரேகை. லண்டன் பக்கத்தில் பூஜ்யம், கிழக்கே நூற்றெண்பது, மேற்கே நூற்றெண்பது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுப் புள்ளி வைத்தேன். எந்தக் கோடு எது என்று கேட்டால் தப்பில்லாமல் காட்டினாள். அப்பாடா என்றிருந்தது.

"இப்பச் சொல்லு, நம்ம ஊரு?"

"நூத்தொண்ணு வடக்கு, மூணு கிழக்கு."

"எண்ணிக் காட்டுடி!"

விரலை ரப்பர் வளையத்தில் வைத்து வடக்கே ஏறினாள். பத்து, இருபது என்று தொண்ணூறு வந்தது. துருவத்தில் நின்றிருக்க வேண்டியவள், நிற்காமல் அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தாள்.

"எங்கடி போற?"

"நூத்தொண்ணு வரணும்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். திரும்பவும் துருவத்தைத் தாண்டினாள். தொண்டை வறண்டு, "ஏண்டி நூத்தொண்ணையே முதல்ல சொல்லித் தொலைக்கிற?" என்று கத்தினேன்.

"நிரையைத்தானே அத்தை முதல்ல சொல்லணும்?"

அப்போதுதான் விளங்கியது. தோட்டத்தில் ரப்பர் மரங்கள் சாலையிலிருந்து உள்ளே நிரை நிரையாகப் போகும். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஒரு மரத்தைச் சொல்ல இரண்டு எண்கள் போதும்: முதலில் எந்த நிரை, பிறகு சாலையிலிருந்து எத்தனையாவது மரம். அவளுக்குப் பூமத்திய ரேகை சாலை, தீர்க்கரேகைகள் நிரைகள். எல்லாம் சரிதான். வடக்கு முன்னால், கிழக்கு பின்னால் என்று ஆசிரியர் பழக்கியிருந்தார். இவள் எண்களை மட்டும் தோட்டத்து வரிசையில் அடுக்கிவிட்டாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"இங்க ரோட்டுலேர்ந்து எவ்ளோ தூரம்கிறதுதான் முதல்ல. அப்புறம்தான் நிரை."

"அப்படிச் சொன்னா மண்டோர் எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

"மண்டோரை விடுடி! உலகம் பூரா அப்படித்தான் சொல்றாங்க. தொண்ணூறுக்கு மேல வடக்கே கிடையாது. எல்லா நிரையும் அங்க ஒரே இடத்துல போய் முடிஞ்சிடும்."

"எல்லா நிரையும் ஒரே மரத்துலயா?"

"ஆமா!"

நம்பாமல்தான் மண்டையை ஆட்டினாள். ஆனால் மறுநாள், "மூன்று வடக்கு, நூற்றொன்று கிழக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரும் சிரிக்கவில்லையாம். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அண்ணிக்குத் துணையாக வேலைக்காட்டுக்குப் போனாள். மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் ஒன்று நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து மண்டோரிடம், "ஒம்பது, பதினாலு" என்றிருக்கிறாள். அவர் ஒன்பதாம் நிரைக்குள் பதினான்கு மரம் நடந்து போய், ஒன்றுமில்லாமல் திரும்பி வந்து அண்ணியை ஏசினாராம். மங்கு வழிந்தது பதினான்காம் நிரையின் ஒன்பதாவது மரத்தில். அண்ணி ஏசியது இவளை.

சாயங்காலம் கண் சிவக்க என் முன்னால் வந்து நின்றாள். "அங்க ஒரு மாதிரி சொன்னா சிரிக்கிறாங்க. இங்க ஒரு மாதிரி சொன்னா ஏசுறாங்க. நான் எப்படித்தான் அத்தை பேசுறது?"

எனக்குக் கத்த வாய் வரவில்லை.

"பஸ் ஏறும்போது மாத்திக்கோ. இறங்குனதும் திருப்பி மாத்திக்கோ."

"தினமுமா?"

"தினமும்தான்."

என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு, திங்கட்கிழமைக்குச் சட்டையைத் தேய்க்க வேண்டும் என்று உள்ளே போனாள்.