கூப்பன் கொடுக்காத கிளை

நகையும் துணியும் விற்கும் கடை அது. மாடியிலிருந்து பார்த்த விற்பனை ஆய்வாளருக்கு, கீழே மஞ்சள் வெளிச்சத்தில் நகர்ந்த கூட்டம் தண்ணீருக்குள் நீந்துவது போலிருந்தது. நகை வாங்கினால் துணிக்குக் கூப்பன் என்ற பண்டிகைச் சலுகை பலன் தந்ததா என்று அவள் அறிக்கை எழுத வேண்டும். வெற்றி என்று எழுதினால் அடுத்த ஆண்டும் இந்த வேலை அவளுக்குத்தான்.

“என்னம்மா, கண்ணைத் திறந்துகிட்டே கனவா?” என்றார் முதலாளி. “துணி விற்பனை எகிறிடுச்சு. ஐடியா என் மச்சானோடது, நல்லா நாலு வரி போடு.”

“கூப்பன் கொடுக்காத நம்ம இன்னொரு கிளையிலயும் அதே அளவுதான் ஏறியிருக்கு சார். எப்படியும் துணி எடுக்க வந்தவங்களுக்குத்தான் தள்ளுபடி போயிருக்கு.”

“இதை வீட்டுல சொன்னா எனக்குச் சோறு கிடைக்காது.”

“எழுத வேண்டாமா சார்?”

அவரும் மாடியின் கண்ணாடிச் சுவர் வழியே கூட்டத்தைப் பார்த்தார். மிதந்து போன முகங்களில் கூப்பனுக்காக வந்தது எது என்று அவருக்கும் தெரியவில்லை.

“எழுது. மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

அடுத்த ஆண்டைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவள் இன்னொரு கிளையின் கணக்கிலிருந்தே எழுதத் தொடங்கினாள்.